முடிச்சில் அளந்த கடல்: கமால் பலகை செய்த குறிப்பு

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குமரிமுனைப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, அங்கிருந்து முப்பது மைல் கடலுக்குள் போனால் துருவ நட்சத்திரம் தண்ணீருக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தெரியும் என்று எழுதி வைத்தார். மலபாரில் இரண்டு முழம், குஜராத்தில் ஆறு முழம் என்பதும் அவர் குறிப்புதான். வானத்தில் என்ன முழம் என்று சிரிக்கத் தோன்றும். கணக்குப் போட்டால் சிரிப்பு அடங்கிவிடும். குமரி ஏறக்குறைய 8 பாகை வடக்கு, மலபாரின் நடுப்பகுதி 11 பாகை, குஜராத் 22 பாகைக்கு அக்கம்பக்கம். முழத்துக்கு மூன்று பாகைக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டால் மூன்று எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. போலோ வெறும் கண்ணால் இதை மதிப்பிட்டிருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் கப்பலை ஓட்டியவர்கள் சொன்ன கணக்கையே அவர் தமக்குத் தெரிந்த அளவில் எழுதியிருக்க வேண்டும்.

ஓட்டியவர்களின் அளவு முழமல்ல, விரல். அரபியில் இஸ்பா. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு விரலின் தடிமன் வானத்தில் எவ்வளவு மறைக்கிறதோ அதுதான் ஒரு இஸ்பா. இன்றைய ராசல் கைமா பகுதியிலிருந்த ஜுல்பாரில் பிறந்து 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய அரபு மாலுமி இப்னு மாஜித், முழு வட்டத்துக்கு 224 விரல் என்று வைத்தார். அப்படியானால் ஒரு விரல் 1 பாகை 36 கலை; பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் கலை. அடுத்த தலைமுறையில் யேமன் கரையின் ஷிஹ்ரைச் சேர்ந்த மாலுமி சுலைமான் அல்-மஹ்ரி அதை 210 விரல் என்று மாற்றினார். அவர் விரல் 1 பாகை 43 கலை ஆகிறது. இந்த ஏழு கலை வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், பத்து விரல் உயரத்தில் அது ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஆகிவிடும். ஆகையால் பழைய ஏடு ஒன்றில் 'இந்தத் துறைமுகம் ஐந்து விரல்' என்று படித்தால், யாருடைய விரல் என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்த விரலை அளந்த கருவியைத்தான் இங்கே செய்கிறோம். ஒரு சிறு பலகை, நடுவில் ஒரு துளை, துளை வழியே ஒரு கயிறு. அவ்வளவுதான். கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பு கடல்கோட்டிலும் மேல் விளிம்பு நட்சத்திரத்திலும் படும்படி முன்னே பிடிக்க வேண்டும். கமால் என்று இன்று எல்லோரும் சொன்னாலும், இப்னு மாஜித் அதை வெறுமனே 'மரத்துண்டு' என்ற பொருளில்தான் குறிப்பிடுகிறார். சோழமண்டலக் கரையில் இதற்கு இராப்பலகை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலும் இங்குள்ள தோணிக்காரர்கள் ஊருக்கொரு முடிச்சு போட்ட கயிற்றோடு இதைப் பயன்படுத்தினார்கள். 1498இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியில் வாஸ்கோ ட காமாவுடன் சேர்ந்த வழிகாட்டியும் வான உயரம் அளக்கும் போர்த்துக்கீசியரின் பெரிய ஆஸ்ட்ரோலேபைப் பார்த்து மலைக்காமல், தங்களிடம் உள்ள மூன்று பலகைக் கருவியை எடுத்துக் காட்டினாராம். அந்த வழிகாட்டி இப்னு மாஜித்தான் என்ற கதை இணையமெங்கும் உலவுகிறது. அதை நம்ப வேண்டாம்.

பலகைக்கு உயரம் 8 சென்டிமீட்டர், அகலம் 5, தடிமன் 4 மில்லிமீட்டர். தேக்கு, ஈட்டி எதுவானாலும் சரி, காய்ந்த மரமாக இருந்தால் போதும். பிளைவுட் வேண்டாம்; விளிம்பு பிசிறடிக்கும், உப்புக் காற்றில் அடுக்கு விட்டுப்போகும். உயரம்தான் அளவு, அதில் சமரசம் கூடாது. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வெர்னியரால் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். அகலம் விஷயத்தில் பலரும் தவறுகிறார்கள். பெரிய பலகை பிடிக்க வசதி என்று பத்து சென்டிமீட்டர் வைத்தால், தொடுவானத்தில் பெரிய பகுதி பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 5 சென்டிமீட்டரில் பலகையின் இரு பக்கமும் கடல்கோடு கண்ணுக்குத் தெரியும். கீழ் விளிம்பை அந்த இரண்டு துண்டோடும் ஒரே நேரத்தில் சேர்த்து வைக்கலாம். விளிம்புகளைப் பின்பக்கமாகச் சரித்துச் சீவி, முழுப் பலகைக்கும் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் அடியுங்கள். வார்னிஷ் அடித்த பலகையில் நிலா வெளிச்சம் பட்டால் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது.

துளை சரியாக நடுவில், 2 மில்லிமீட்டர். கயிறுதான் இந்தக் கருவியின் அளவுகோல், ஆகவே செலவை இங்கே செய்யுங்கள். பருத்தி நூல் ஈரம் பட்டால் சுருங்கும், இழுத்தால் நீளும். நைலான் ஈரத்தோடு இழுவையில் நீளும். பின்னிய பாலியெஸ்டர் கயிறு, ஒன்றரை மில்லிமீட்டர் கனம், 80 சென்டிமீட்டர் நீளம் போதும். புதுக் கயிற்றில் ஒரு கிலோ எடையைக் கட்டி ஓரிரவு தொங்கவிட்டபின் முடிச்சுப் போடுங்கள். 43 சென்டிமீட்டர் கயிற்றில் 1 சென்டிமீட்டர் நீண்டால் உயரக் கணக்கு கால் பாகை தவறும். வடக்குத் தெற்காக அது 28 கிலோமீட்டர். நாகப்பட்டினம் என்று நினைத்து வேளாங்கண்ணியையும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

முடிச்சு எங்கே விழ வேண்டும் என்பது எளிய முக்கோணக் கணக்கு. கண்ணிலிருந்து பலகைக்கு உள்ள தூரம், பலகையின் பாதி உயரத்தைப் பாதிக் கோணத்தின் டேஞ்சன்டால் வகுத்தால் கிடைக்கும். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய ஊரின் அட்சரேகைதான் என்பதால், ஊர்தோறும் ஒரு முடிச்சு. விரிதாளில் A2 கட்டத்தில் அட்சரேகையைப் பாகையில் போட்டு இந்த வாய்பாட்டை எழுதலாம்:

```
=4/TAN(RADIANS((A2+0.13)/2))
```

0.13 பாகை எதற்கு? 10 பாகை உயரத்தில் காற்று நட்சத்திரத்தை 5 கலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறது. கரையில் நிற்பவரின் கண் ஒன்றே முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்தால், கடல்கோடு உண்மையான கிடைமட்டத்துக்கு 2 கலைக்குச் சற்று மேல் கீழே இருக்கும். இரண்டும் சேர்ந்து நட்சத்திரம் 8 கலை உயர்வாகத் தெரியும். இதன்படி சென்னைக்கு 34.5 சென்டிமீட்டர், புதுச்சேரிக்கு 37.9, நாகப்பட்டினத்துக்கு 41.9, கோடியக்கரைக்கு 43.9, பருத்தித்துறைக்கு 45.9, மண்டபத்துக்கு 48.6. தெற்கே போகப் போக நட்சத்திரம் இறங்கும், கை நீளும். ஒரு முழுக்கையின் நீளத்துக்குள் சென்னை முதல் மண்டபம் வரை அடங்கிவிடுவதற்காகத்தான் 8 சென்டிமீட்டர் என்று வைத்தோம். இதே பலகையில் ஒற்றை விரலை அளக்க வேண்டுமானால் 285 சென்டிமீட்டர் கயிறு வேண்டும்; அவ்வளவு நீண்ட கை யாருக்கும் இல்லை. பழங்காலத்தில் ஒருவரே பல அளவுப் பலகைகளைக் கட்டாக வைத்திருந்த காரணம் இதுதான்.

ஆனால் இந்த எண்களை அப்படியே அளந்து முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பலகையை முன்னே தள்ளுகிறோம். கோணம் உருவாவதோ கண்ணில். கண் பல்லுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே, ஓரிரு சென்டிமீட்டர் பின்னே இருக்கிறது. முகவெட்டுக்கு முகவெட்டு இது மாறும், ஆகவே கணக்கில் வந்த முடிச்சு உங்கள் வாய்க்கு ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ போகலாம். இதற்குச் சுவரில் சரிபார்க்கும் வழி ஒன்று உண்டு. கண்ணிலிருந்து சுவருக்குச் சரியாக 573 சென்டிமீட்டர் வருமாறு நாற்காலியைப் போடுங்கள். காலிலிருந்து அளக்கக் கூடாது, கண்ணிலிருந்து அளக்க வேண்டும். அந்தத் தூரத்தில் சுவரில் 10 சென்டிமீட்டர் கிட்டத்தட்ட ஒரு பாகை. நாகப்பட்டினத்து முடிச்சுக்கு, கண் மட்டத்தை நடுவாக வைத்து 109.3 சென்டிமீட்டர் இடைவெளியில் மேலும் கீழும் இரண்டு கோடு போடுங்கள். ஒரு கண்ணை மூடி, கயிற்றைக் கடித்துக்கொண்டு, பலகையின் இரு விளிம்பும் இரு கோட்டையும் ஒரே நேரத்தில் தொடும் இடத்துக்குப் பலகையை நகர்த்துங்கள். கடிபட்ட இடத்தில் பேனாவால் குறியிடுங்கள். பத்து தடவை செய்து, குறிகளின் நடுவில் முடிச்சு. குறிகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சிதறினால் கயிறு தொய்கிறது அல்லது பலகை சாய்கிறது என்று அர்த்தம். பலகை பார்வைக்கோட்டுக்கு நேராக இல்லாமல் 10 பாகை சாய்ந்தால் நாகப்பட்டினத்தில் 18 கிலோமீட்டர் பிழை வரும். கயிறு இறுக்கமாக இருந்து, பலகையின் நடுத்துளையிலிருந்து புறப்பட்டால் சாய்வை விரல்களே உணர்ந்துவிடும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ஒருவர் முடிச்சு இன்னொருவர் வாய்க்கு உதவாது. மாலுமிகள் சொந்தத் துறைமுகத்தில் நின்று நட்சத்திரத்தைப் பார்த்து முடிச்சைப் போட்டுக்கொண்டதில் பெரிய சாமர்த்தியம் இருக்கிறது. அப்படிப் போடும்போது பல்லுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, காற்றின் விலகல், கடல்கோட்டின் இறக்கம், பலகையின் அரை மில்லிமீட்டர் குறை எல்லாமே முடிச்சுக்குள் அடங்கிவிடுகின்றன. திரும்பி வரும்போது அதே ஆள், அதே பலகை என்றால் பிழைகள் தாமாக ரத்தாகும்.

இனி வெளியே எடுத்துப் போகலாம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் பெரும்பாலான இடங்களில் வடக்கே பார்த்தால் கடற்கரைதான் நீண்டு போகும், கடல்கோடு கிடைக்காது. மரங்களோ விளக்குகளோ தொடுவானம் போல ஏமாற்றும். இரண்டு கிலோமீட்டரில் 10 மீட்டர் உயரத் தென்னைகள் நின்றாலே கால் பாகை போய்விடும், அதுவும் எப்போதும் நட்சத்திரத்தைத் தாழ்த்தியே காட்டும். வடக்கே திறந்த கடல் வேண்டுமென்றால் மண்டபத்தின் வடகரை, இராமேசுவரம் தீவின் வடகரை, யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை, காங்கேசன்துறை போன்ற இடங்கள் நல்லவை. மண்டபத்தில் நிற்பவருக்கு எதிர்க்கரை 60 கிலோமீட்டருக்கு அப்பால், தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும்.

நேரம் இன்னும் கறாரானது. கடல்கோடும் வேண்டும், நட்சத்திரமும் வேண்டும். சூரியன் மறைந்து அரை மணி வரை நட்சத்திரம் வராது. முக்கால் மணிக்குப் பின் கோடு கரைந்துபோகும். துருவ நட்சத்திரம் அப்படியொன்றும் பிரகாசமானதல்ல, 10 பாகை உயரத்தில் கடலோரப் புகைமூட்டம் அதை இன்னும் மங்கலாக்கும். ஆக அந்தியில் கையில் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். இல்லையென்றால் வளர்பிறையின் பிற்பகுதியில், நிலா உங்கள் முதுகுப்பக்கம் தெற்கே நிற்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள். கோடு நெடுநேரம் தெரியும்.

அடுத்தது, துருவ நட்சத்திரம் துருவத்தில் இல்லை என்ற சிக்கல். இன்று அது துருவத்திலிருந்து 38 கலை அளவு தள்ளி நின்று, ஒரு நாளைக்கு ஒரு முறை சுற்றுகிறது. கவனிக்காமல் விட்டால் 70 கிலோமீட்டர் வரை மேலோ கீழோ தவறும். இதைத் திருத்த அட்டவணை தேவையில்லை, பக்கத்துத் துணை நட்சத்திரம் போதும். சிறு கரடியின் மறுகோடியில் இரண்டு நட்சத்திரங்கள் ஜோடியாக இருக்கும். அரபிகள் ஃபர்கதைன் என்றார்கள். அவற்றில் பிரகாசமான கோக்காப், இப்போது துருவத்துக்கு இந்தப் பக்கம் துருவ நட்சத்திரம் என்றால் அந்தப் பக்கம் சரியாக எதிரே நிற்கிறது. ஆகவே கோக்காப் நேர் மேலே இருந்தால் துருவ நட்சத்திரம் துருவத்துக்கு நேர் கீழே. கிடைத்த உயரத்தோடு 38 கலை சேருங்கள். இரண்டும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் இருந்தால் திருத்தமே தேவையில்லை. ஏப்ரல் கடைசி வாரத்து அந்தியில் கோக்காப் வலப்பக்கம் இப்படி மட்டமாக நிற்கும். முடிச்சுப் போட அதைவிட நல்ல காலம் கிடையாது. ஜூலை கடைசியில் அந்தியில் அது துருவ நட்சத்திரத்துக்கு நேர் மேலே ஏறிவிடும். அக்டோபர் கடைசியில் இடப்பக்கம் மட்டமாக வரும், ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜனவரி அந்தியில் நம் அட்சரேகையில் கோக்காப் கடலுக்கு அடியில் இருக்கும், தேட வேண்டாம்.

இந்தத் திருத்தம் 1500இல் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைப் பலகையிலேயே காட்டலாம். அன்று துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து மூன்றரை பாகை தள்ளி இருந்தது. பூமியின் அச்சு மெதுவாகத் தலைசுற்றுவதால் நூற்றாண்டுதோறும் இடைவெளி குறைந்து வந்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் இன்று ஒரே ஊருக்கான அளவு 39.6க்கும் 44.5 சென்டிமீட்டருக்கும் இடையில் ஆடுகிறது. 1500இல் அதே பலகையில் அது 32க்கும் 61க்கும் இடையில் ஆடியிருக்கும். பாதிக்குப் பாதி! மணி தெரியாமல் முடிச்சைப் பார்த்தால் பயனே இல்லை. அதனால்தான் அக்கால மாலுமிகள் நட்சத்திரம் மிகத் தாழ்ந்து நிற்கும் நேரத்து உயரத்தையே துறைமுகத்தின் அளவாக ஏற்றார்கள். வேறு நேரத்தில் பார்க்க நேர்ந்தால், சந்திரனின் 28 மனைகளில் எது உச்சிக்கு வந்திருக்கிறது என்று கண்டு அதற்குரிய விரல்களைக் கழித்தார்கள். பாஷி எனப்பட்ட அந்தக் கழிவு, அதிகபட்சம் 4 விரல். மேலே உள்ள ஏழு பாகை ஆட்டத்தை 1 பாகை 43 கலையால் வகுத்துப் பாருங்கள், அதே நான்கு வரும்.

ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கயிறு ஒன்று கையில் கிடைத்தால் என்னாகும்? தாழ்நிலைக்குப் போட்ட நாகப்பட்டின முடிச்சைக் கடித்துக்கொண்டு, நட்சத்திரம் தாழ்ந்து நிற்கும் நேரம் பார்த்து இன்று கப்பலோட்டினால், குமரிமுனைக்குச் சற்றுத் தெற்கே போய் நிற்பீர்கள். பழைய விரல் அளவுகளை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டு 'தப்பு' என்று எழுதுபவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

விரலைத் தூரமாக மாற்ற இன்னொரு அளவு இருந்தது: ஜாம். மூன்று மணி நேர ஓட்டம் ஒரு ஜாம். நம் யாமம் போலவே இரவும் பகலும் சேர்ந்து எட்டு. நேர் வடக்கே எட்டு ஜாம் ஓடினால் துருவ நட்சத்திரம் ஒரு விரல் ஏறும் என்பது விதி. இப்னு மாஜித்தின் விரலில் ஒரு ஜாம் 22 கிலோமீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு நான்கு கடல்மைல் வேகம். பாய்மரக் கப்பலுக்கு நியாயமான சராசரிதான்.

ஒரு பயணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சோழர் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சொல்லும் நிக்கோபாரில், கார் நிக்கோபார் தீவு 9.17 பாகை வடக்கில் இருக்கிறது. நாகப்பட்டினம் 10.77. வித்தியாசம் 1.60 பாகை, கிட்டத்தட்ட ஒரு விரல் மிகச் சரியாக. ஆகவே தீவிலிருந்து எட்டு ஜாம் வடக்கே ஏறி, நாகப்பட்டின முடிச்சில் நட்சத்திரம் உட்கார்ந்ததும் மேற்கே திருப்பி, அந்த முடிச்சு பிசகாமல் ஓட வேண்டும். நட்சத்திரம் விளிம்புக்கு மேலே தெரிந்தால் வடக்கே விலகிவிட்டோம், பலகைக்குள் ஒளிந்தால் தெற்கே. மேற்கே உள்ள தூரம் 1,410 கிலோமீட்டர், 63 ஜாம், ஏறக்குறைய எட்டு நாள். கரைசேரும்போது பலகையின் பிழை மூன்றில் ஒரு பாகை என்று வைத்தால் 37 கிலோமீட்டர் வடக்கிலோ தெற்கிலோ கரை தட்டுப்படும். கோடியக்கரைக்குத் தெற்கே நழுவாமல் இருக்க, விவரமானவர் முடிச்சை வேண்டுமென்றே விரலின் கால்பங்கு வடக்கே வைத்து ஓட்டி, கரை தெரிந்ததும் தெற்கே திரும்புவார். எந்தப் பக்கம் தவறினோம் என்ற குழப்பம் அப்போது இராது.

அந்த 63 ஜாமைச் சரிபார்க்க மட்டும் பலகையால் முடியாது. கிழக்கு மேற்காக எவ்வளவு ஓடினாலும் நட்சத்திரத்தின் உயரம் மாறுவதில்லை. முன் அணியத்தில் ஒரு மரச்சக்கையைப் போட்டு, அது பின்முனையைக் கடக்கும் வரை எண்ண வேண்டியதுதான்: 20 மீட்டர் நீளக் கப்பலை அது பத்து விநாடிக்குச் சற்றுக் குறைவில் கடந்தால் மணிக்கு நான்கு கடல்மைல். நீரோட்டம் கப்பலையும் சக்கையையும் சேர்த்தே தள்ளுவதால் இந்த எண்ணிக்கையில் அது தெரியவே தெரியாது. இடைக்கால ஏடுகளில் வடக்குத் தெற்குத் தூரங்கள் நன்றாகப் பொருந்தி, வங்காள விரிகுடாவின் குறுக்குத் தூரங்கள் மட்டும் ஆளுக்கொன்றாக இருப்பதைப் பார்க்கும்போது, அந்தச் சக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.